ஏழரைக்குப் பூட்டப்படும்

தமிழ் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்தபோது தல்லாகுளத்தில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். கீழே ஓனர் அக்கா குடியிருந்தார்; மேலே இரண்டு மாடியில் நாங்கள். எனக்கு ஒதுக்கியது மூன்று பேர் அறை. மூன்றாவது ஆளாக இருந்த பெண் கல்யாணம் நிச்சயமாகி ஆடி மாதத்திலேயே ஊருக்குப் போய்விட்டாள். அதன்பின் நானும் பி.எட். படித்த அருப்புக்கோட்டைக்காரத் தோழியும் மட்டும் அந்த அறையில் ராணிகள் மாதிரி இருந்தோம்.

காலியான கட்டிலில் தோழியின் பாடத்திட்டக் குறிப்பேடுகள், என் புத்தகங்கள், காயாத துணிகள், முறுக்கு டின் என்று எல்லாம் குடியேறியிருந்தன. அலமாரியில் ஆளுக்கு ஒன்றரைத் தட்டு. காலையில் குளியலறைக்கு ஒருத்திக்குப் பின்னால் மட்டும் காத்திருந்தால் போதும். இதெல்லாம் எவ்வளவு பெரிய சொத்து என்பது ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை ஓனர் அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கட்டிலைப் பார்த்தார். முறுக்கு டின்னைப் பார்த்தார்.

"கட்டிலு என்ன, சாமானுக்கா வாடகைக்கு விட்ருக்கேன்? ரெண்டு மாசமா ஒரு ஆள் காசு போகுது. ஏத்தா, நீ தமிழ் படிக்கிற புள்ளதானே? ஒரு விளம்பரம் எழுது. சாப்பாடு, படிக்க எடம், பாதுகாப்பு, மாசம் எம்புட்டு, எல்லாம் வரணும். காலேஜ் எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடையில ஒட்டிரு. வாட்ஸப்புலயும் போடு."

"உங்க நம்பர்தானே அக்கா போடணும்?"

"என் நம்பர் வேணாம். போன் எடுத்தா அடுப்புல கொழம்பு அடிபிடிச்சிருது. உன் நம்பரையே போடு."

அவர் இறங்கிப் போனதும் தோழி கதவைச் சாத்தினாள். "எழுதாதடி" என்றாள்.

"எழுதலைன்னா வேற யாராவது எழுதுவாங்க. எழுதுவோம். ஆனா யாரும் வராத மாதிரி எழுதுவோம்."

பொய் எழுதக் கூடாது என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். பொய் எழுதினால் மாட்டிக்கொள்வோம். உண்மையை எழுதினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அதோடு இந்த ஹாஸ்டலைப் பற்றிய உண்மையை விட ஆளை விரட்டும் பொய் ஒன்றை என்னால் யோசிக்கவும் முடியவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே எழுதினோம். ஹாஸ்டலுக்கு வந்த நாள் முதல் மனதில் கிடந்த குறையெல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. எழுதி முடித்தது இது:

"கல்லூரி மாணவியருக்கு மூவர் அறையில் ஓர் இடம் காலி.

சாப்பாடு: மூன்று வேளை. காலை எட்டேகாலுக்கு மேல் இட்லி இருக்காது. செவ்வாய், வெள்ளி முழுச் சைவம். ஞாயிறு மட்டும் கோழிக் குழம்பு. ஆளுக்கு இரண்டு துண்டு.

படிப்பு: இரண்டாம் மாடியில் தனிப் படிப்பறை, ஆறு மேசைகள். மின்விசிறி இரண்டில் ஒன்று ஓடாது. வைஃபை இரவு பத்து மணிக்கு நிறுத்தப்படும்.

பாதுகாப்பு: இரும்புக் கேட் மாலை ஏழரைக்குப் பூட்டப்படும். தாமதமாக வந்தால் பெற்றோருக்கு போன் செய்யப்படும். வாசலிலும் மாடிப்படியிலும் கேமரா உண்டு. ஆண்கள், உடன்பிறந்தவர் உட்பட, வாசல் நாற்காலியைத் தாண்டி வர அனுமதி இல்லை. உரிமையாளர் கீழ்த்தளத்திலேயே வசிக்கிறார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

கட்டணம்: சாப்பாட்டுடன் மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு. முன்பணம் ஒரு மாதக் கட்டணம். அறையின் மின்கட்டணம் தனி மீட்டர்படி மூவரும் பிரித்துக் கட்ட வேண்டும். ஊருக்குப் போயிருக்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுக் காசு கழிக்கப்படாது. காலி செய்ய ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும்."

இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் எல்லாமே நடப்பும் இல்லை. ஏழரை மணி என்பது சுவரில் ஒட்டியிருந்த விதி. "அக்கா, பஸ்ஸுல கூட்டம்" என்று ஒரு போன் போட்டால் எட்டேகால் வரைக்கும் கேட் திறக்கும். வைஃபையை நிறுத்துவது பாதி நாள் அக்காவுக்கு மறந்துபோகும். நாங்கள் விதியை மட்டும் எழுதினோம்.

ஓனர் அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "கண்ணாடி உள்ள கெடக்கு. நீயே வாசி" என்றார்.

வாசித்தேன். தாளில் இருந்ததை அல்ல. "வீட்டுச் சுவையில் மூன்று வேளை உணவு, அமைதியான படிப்பறை, முழுப் பாதுகாப்பு, நியாயமான கட்டணம்" என்று செய்தி வாசிப்பவர் மாதிரி வாசித்தேன்.

"நல்லாத்தான் எழுதிருக்க. ஒட்டிரு" என்றார். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் கூசத்தான் செய்தது. வெங்காயத்தால் அவர் கண்ணில் நீர் வேறு. ஆனாலும் போய் ஒட்டினேன். வாட்ஸப்பிலும் போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. காலை ஆறு மணிக்கு முதல் போன் வந்தது. ஆண் குரல்.

"விளம்பரம் பாத்தேன்மா. ஏழரைக்கு கேட்டப் பூட்டிருவாங்கன்னு போட்டிருக்கே, நெசமாவே பூட்டுவாங்களா?"

"ஆமாங்க. கண்டிப்பா." பயந்து போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"ரொம்ப நல்லது. ஏழுக்கே பூட்ட வழியிருக்கா?"

அதன்பின் நிற்கவில்லை. ஒருவர், "லேட்டா வந்தா வீட்டுக்கு போன் பண்ணுவீங்களா? என் நம்பர் எழுதிக்கங்க. என் தம்பி நம்பரும் எழுதிக்கங்க" என்றார். சேர்வதற்கு முன்பே இரண்டு எண்கள் கொடுத்தார். இன்னொருவர், "உடன்பிறந்தவன்கூட உள்ள வரக்கூடாதுங்கிறீங்க, சரி. பெத்த தகப்பன்?" என்று கேட்டார். நாற்காலி வரைதான் என்றேன். "அப்படித்தான் இருக்கணும்" என்று பாராட்டினார். ஓர் அம்மா மட்டும் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கவேயில்லை. "எங்க பொண்ணு கோழி திங்க மாட்டாளே. அவ பங்கு ரெண்டு துண்டு யாருக்குப் போகும்?" என்றார். அதற்கு விதி எதுவும் சுவரில் இல்லை.

நடுவில் ஒரே ஒரு மாணவி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, எங்கப்பா பக்கத்துல இல்ல. உண்மையச் சொல்லுங்க. சும்மா போட்டதுதானே இதெல்லாம்?" என்றாள்.

"எல்லாம் நெசம்" என்றேன். கட் செய்துவிட்டாள். அன்றைக்கு எங்கள் திட்டப்படி நடந்த ஒரே அழைப்பு அதுதான்.

விளம்பரத்தைப் பார்த்து மாணவிகள் ஓடுவார்கள் என்று சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தோம். ஹாஸ்டலுக்குப் பணம் கட்டுவது மாணவிகள் அல்ல, அப்பாக்கள் என்பதைத்தான் மறந்துவிட்டோம். சாயங்காலத்துக்குள் அந்த விளம்பரம் எந்தெந்த அப்பாக்கள் குழுவிலோ சுற்றி, கடைசியில் சிவகங்கைப் பக்கம் இருக்கும் என் சொந்த அப்பாவுக்கே வந்து சேர்ந்தது. "பாத்தியா, இப்படி ஒரு ஹாஸ்டல் இருக்கு. நீ இருக்கிற எடத்துல இதெல்லாம் உண்டா?" என்று எனக்கே அனுப்பியிருந்தார். கீழே இருக்கும் நம்பரை அவர் பார்க்கவில்லை.

தோழி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "ஏழரைக்குப் பூட்டப்படும்னு எழுதுனபோதே நெனச்சேன். ஏழரைய நாமளே கூட்டிருக்கோம்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு, போன் எதுவும் செய்யாமல் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். செக்கானூரணிப் பக்கம் விவசாயம் பார்ப்பவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. கூடவே கணிதம் முதலாண்டு சேர்ந்திருந்த அவருடைய மகள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குப் பதினொன்றரைக்குத்தான் வகுப்பு. மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓனர் அக்கா வாயெல்லாம் பல்லாக, "மேல வந்து ரூமப் பாருங்கண்ணே" என்றார்.

"வேணாம்மா. ஆம்பள இந்த நாக்காலியத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. இன்னைக்கு நான் தாண்டினா நாளைக்கு இன்னொருத்தன் தாண்டுவான். பாப்பா போய்ப் பாத்துட்டு வரட்டும்."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கண்ணே போட்டிருக்கு?"

அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எங்கள் விளம்பரத்தை அச்சடித்து, வரிக்கு வரி பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மூணு ஹாஸ்டல் பாத்துட்டு வாரேன்மா" என்று அவர் ஆரம்பித்தார். "அம்புட்டு பேரும் வீட்டுச் சாப்பாடு, வீட்டுச் சாப்பாடுன்னுதான் போட்டிருக்கான். எந்த வீட்டுச் சாப்பாடுன்னு சொல்ல மாட்டேங்கிறான். ஒரு எடத்துல படிப்பறை எங்கய்யான்னா, சாப்புடுற மேசையக் காட்டுறான். அதுல சட்னி காஞ்சு கெடக்கு. நீங்கதான் உள்ளது உள்ளபடி போட்டிருக்கீங்க. கேளுங்க."

வாசிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக. தன்னுடைய விளம்பரத்தை ஓனர் அக்கா முதன்முதலாக அப்போதுதான் கேட்டார்.

"ஞாயிறு மட்டும் கோழிக் குழம்பு, ஆளுக்கு இரண்டு துண்டு." நிமிர்ந்து பார்த்து, "ரெண்டுன்னா ரெண்டு. இதான் நேர்மை" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். நான் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். அது ஒரு விரல் தடிமன்தான் இருக்கும்.

"மின்விசிறி இரண்டில் ஒன்று ஓடாது." அவர் தாளைத் தட்டினார். "இத எவனாவது போடுவானா? நீங்க போட்டிருக்கீங்க."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். தன்னை அரிச்சந்திரனாக நினைத்து ஒருவர் புகழும்போது இடையில் எப்படி மறுப்பது?

"உரிமையாளர் கீழ்த்தளத்திலேயே வசிக்கிறார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்."

  அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆமாண்ணே. நல்லாக் கேக்கும்" என்றார்.

இதற்குள் அந்தப் பெண் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து படியில் நின்றாள். அவர் கீழிருந்தே கேட்டார்.

"பாப்பா, மேசை ஆறு இருக்கா?"

"இருக்கு."

"ஃபேன் ஓடலையா?"

"ஓடல."

"கேமரா?"

"இருக்கு."

"பாத்ரூம் தாப்பா?"

பெண் சற்றுத் தயங்கி, "ஒண்ணுல சரியா விழ மாட்டேங்குதுப்பா" என்றாள்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இது விளம்பரத்துல இல்லையே" என்றார், முதல்முறையாக ஏமாந்த குரலில். தாழ்ப்பாளை நாங்கள் மறந்துதான் போயிருந்தோம். அடுத்து, "கலெக்டர் ஆபீஸ்ல பதிஞ்ச லைசென்ஸ் இருக்கணும்னு சொன்னாங்க. இருக்காம்மா?" என்று கேட்டார். அதில் மட்டும் அக்காவுக்குத் தெம்பு வந்தது. சட்டம் போட்டு மாட்டியிருந்த உரிமத்தைச் சுவரிலிருந்து கழற்றியே கொண்டுவந்து கொடுத்தார். அது எந்த ஆண்டு வரைக்கும் செல்லும் என்பதை அந்த அப்பா மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அமைதியாகக் கேட்டார். "ஃபேன் ஓடாதுன்னு போட்டீங்க, சரி. எப்ப ஓடும்?"

"நாளைக்கே ஓடும்ணே."

"தாப்பா?"

"அதும் நாளைக்கே."

"அப்ப நாளன்னைக்குக் காலையில பாப்பாவக் கொண்டாந்து விடுறேன்." முன்பணத்தைக் கொடுத்து, ரசீது வாங்கி, மடித்து மஞ்சள் பையில் வைத்தார். போகும்போது படியில் இருந்த என்னைப் பார்த்து, "தாயி, இத எழுதுனது யாருன்னு தெரியுமா? கையெழுத்துப் போடாம விட்டுட்டாங்களே" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அக்கா கூப்பிட்டார். நானும் தோழியும் போய் நின்றோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"என்கிட்ட ஒண்ணு வாசிச்ச, அங்க ஒண்ணு ஒட்டிருக்க."

"தப்புத்தான் அக்கா."

"ஃபேன் ஓடலன்னா என்கிட்ட சொல்லலாம்ல? ஊருக்கே எழுதிச் சொல்லணுமா?"

"சொன்னோம் அக்கா. மூணு தடவ சொன்னோம்" என்றாள் தோழி, மெல்ல.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கோபம் வந்த முகம் இல்லை அது. மாதம் முழுக்க மளிகைக் கடைக்கும் கேஸ்காரனுக்கும் ஓடுகிற ஒருத்தியின் களைத்த முகம். அவரைப் பிடிக்காமல் நான் எதையும் எழுதவில்லை என்று சொல்ல நினைத்தேன். 

"சரி. நாளைக்கு எலெக்ட்ரீசியன் வருவான்" என்று எழுந்தார். "ஆனா எழுதுனது எழுதுனதுதான். ஏழரைன்னா ஏழரை. இனிமே பஸ்ஸுல கூட்டம்னு எவளும் போன் பண்ணக் கூடாது. காது நல்லாக் கேக்கும்ல, பாப்போம்."

அன்று முதல் கேட் ஏழரைக்குப் பூட்டப்பட்டது. வைஃபை பத்து மணி அடித்ததும் நின்றது. மற்ற அறைப் பெண்களுக்குக் காரணம் தெரிந்ததும் எங்கள் இருவரையும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத் தாங்க முடியாமல் ஒரு வாரம் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட்டோம். முதல் வாரத்திலேயே நூலகத்திலிருந்து நான் ஏழு ஐம்பதுக்கு வந்தேன். கேட் பூட்டியிருந்தது. அக்கா திறந்துவிட்டு, என் கண்முன்னாலேயே அப்பாவுக்கு போன் போட்டார். அப்பா என்னிடம் பேசவேண்டும் என்றார்.

"அந்த விளம்பரம் நீ இருக்கிற ஹாஸ்டலுதானாமே? அக்கா சொன்னாங்க."

"ஆமாப்பா."

"இம்புட்டு நாளா சொல்லவே இல்லையே. நல்ல எடமா இருக்கு" என்று சந்தோஷமாக வைத்துவிட்டார்.

புதிய பெண் சொன்னபடி புதன்கிழமை வந்தாள். கட்டிலை ஒழித்துக் கொடுத்தோம். ஒரு பெட்டி, ஒரு வாளி, ஒரு தலையணை. நாங்கள் பேசியபோதெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில். அப்பாவுக்கு உளவு சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று தோழி முடிவு கட்டிவிட்டாள். நான்காம் நாள் அவளே கேட்டாள்.

"அந்த வெளம்பரம் எழுதுனது நீங்கதானே?"

போனில் வந்த குரலை நினைவில் வைத்திருந்திருக்கிறாள். குரலைத் தாழ்த்தி "உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டவளே இவள்தான்.

"என் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரும் பழங்காநத்தத்துல ஒரு ஹாஸ்டல்ல சேந்துட்டாங்க. அங்க கேட்டே கெடையாது. எங்கப்பாவும் சரின்னுட்டாரு. பை எடுத்து வச்சாச்சு. அப்பத்தான் உங்க வெளம்பரம் போனுல வந்துச்சு." அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. "எட்டேகாலுக்கு இட்லி தீந்துரும்னுகூடப் போட்டிருந்தீங்க. அதையும் பாத்துட்டு, 'நல்லது, சீக்கிரம் எந்திரிப்ப'ன்னாரு."

தோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு எனக்கு. கடைசியில் அந்தப் பெண்ணுக்கே வந்துவிட்டது; ஆனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் சிரித்தாள். யாரும் வரக் கூடாது என்றுதான் எழுதினோம் என்பதையும் சொல்லிவிட்டோம். முறுக்கு டின்னை அவள் பக்கம் தள்ளினேன். ஒன்றை எடுத்துக் கடித்து, "உங்களுக்கு நல்லா வேணும்" என்றாள்.

வழி சொன்னதும் அவள்தான். "எங்கப்பா வாயால சொன்னா நம்ப மாட்டாரு. எழுதிக் காட்டினா நம்புவாரு. லைப்ரரி எத்தன மணி வரைக்கும் தெறந்திருக்கும்?"

"ஏழரை வரைக்கும்."

"அப்ப லைப்ரரிச் சீட்டுல நேரம் போட்டு சீல் வாங்கிட்டு வந்தா எட்டு மணி வரைக்கும் விடலாம்னு எழுதுங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

இந்த முறை எழுதியதை ஓனர் அக்காவின் கண்ணாடியை நானே எடுத்துவந்து கையில் கொடுத்து, அவரையே வாசிக்கச் சொன்னேன். இரண்டு தடவை வாசித்தார். "இதுக்கு அந்தண்ணே சம்மதிக்கணும்" என்றார். அவர் செக்கானூரணியிலிருந்து போனில் யோசித்து, யோசித்து, "படிக்கிற புள்ளைய லைப்ரரி பூட்டுறதுக்கு முன்னாலயே கெளம்பி வரச் சொன்னா அதும் தப்புத்தான். சீட்டுல சீல் இருக்கணும்மா. சீல் இல்லாம விடாதீங்க" என்றார்.

முதல் நாள் மூவருமாக நூலகத்தில் ஏழரை வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் படிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீட்டில் சீல் வாங்கிக்கொண்டு, கோரிப்பாளையம் பக்கம் போகும் வண்டிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே வேகமாக நடந்து, எட்டாவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டைத் தட்டினோம். அக்கா வந்தார். சீட்டு மூன்றையும் வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். நோட்டில் நேரம் எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கினார்.

"வாங்க வாங்க, தோசை ஆறுது" என்று கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போனார்.